பெயர் தனி, பதில் தனி: கணக்கெடுப்புத் தகவலைப் பூட்டுவதும், வேலை முடிந்ததும் அழிப்பதும்

டெல்டாவில் குத்தகை விவசாயிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 12 கிராமங்கள், 300 குடும்பங்கள். சம்பா அறுவடை முடிந்த கையோடு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். எத்தனை மா சாகுபடி, நிலம் கோயிலுடையதா தனியாருடையதா, குத்தகைக்கு எழுத்து உண்டா வாய்மொழிதானா, போகத்துக்கு எத்தனை மூட்டை அளக்கிறார்கள், கடன் எவ்வளவு, யாரிடம் என்று கேட்கிறோம். பதிலோடு பெயர், கைபேசி எண், வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி ஆகியவையும் டேப்லெட்டில் ஏறுகின்றன.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? தகவல் பாதுகாப்பு என்றதும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கர்தான் நினைவுக்கு வருகிறார். இந்தக் கணக்கெடுப்புக்கு அவர் முக்கியமில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைதாரர் தன் உரிமையை வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அதனாலேயே பல நில உரிமையாளர்கள் எழுத்து எதுவும் தருவதில்லை. ‘நான்தான் பத்து வருஷமா பயிர் வைக்கிறேன், இத்தனை மூட்டை அளக்கிறேன்’ என்று ஒருவர் நம்மிடம் சொன்னது நில உரிமையாளர் காதுக்குப் போனால், அடுத்த போகத்துக்கு நிலம் வேறு கைக்கு மாறிவிடலாம். “தம்பி, இது பண்ணைக்குத் தெரியாதுல்ல?” என்று அவர்கள் கேட்பது இதற்காகத்தான். ஆக, நாம் பயப்பட வேண்டியது அதே தெருவில் இருப்பவரையும், அவருக்குத் தெரிந்த ஒருவர் நம் அலுவலகத்தில் இருந்துவிடுவதையும். பூட்டும் அழிப்பும் இதை மனதில் வைத்துத்தான் அமைய வேண்டும்.

முதல் வேலை, ஒரே கோப்பை இரண்டாகப் பிரிப்பது. ஒரு கோப்பில் பெயர், கைபேசி எண், தெரு, ஜிபிஎஸ் மட்டும் இருக்கும். அதைத் தொடர்புக் கோப்பு என்று சொல்லலாம். இன்னொன்றில் பதில்கள் மட்டும். இரண்டையும் இணைப்பது ஒரு குறியீட்டு எண். வேலை நடக்கும்போது இரண்டும் தேவை. ஆய்வு செய்பவர் கையில் பதில் கோப்பு மட்டும் இருந்தால் போதும், சராசரியும் விகிதமும் போட யாருடைய பெயரும் வேண்டியதில்லை. கடைசியில் தொடர்புக் கோப்பை அழித்தால், குறியீட்டு எண்ணுக்குப் பின்னால் யார் என்று சொல்ல ஆளில்லை.

குறியீட்டு எண்ணைப் போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘TVR-03-017’ என்று ஓர் எண் பார்க்க அழகாக இருக்கும்: திருவாரூர், மூன்றாவது கிராமம், பதினேழாவது வீடு. ஆனால் கணக்கெடுப்புக்கு முன்பே வீடுகளைப் பட்டியலிட்ட காகிதம் ஒன்று இருக்கும். அதில் மூன்றாவது கிராமத்தின் பதினேழாவது வரியைப் பார்த்தால் பெயர் வந்துவிடும். தொடர்புக் கோப்பை அழித்தும் பலனில்லை. எண்ணைக் குலுக்கல் முறையில் போட வேண்டும். 4 இலக்க எண் ஒன்று, எந்த வரிசையும் இல்லாமல்.

கைபேசி எண்ணையே ஹேஷ் செய்து குறியீடாக வைக்கலாமே என்று கணினி தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஹேஷ் என்பது ஓர் எண்ணைப் புரியாத நீண்ட எழுத்துச்சரமாக மாற்றும் கணக்கு. திரும்பிப் போக வழியில்லை என்பது அதன் பெருமை. ஆனால் இந்தியக் கைபேசி எண்கள் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும். மொத்தம் 400 கோடி எண்கள்தான் சாத்தியம். எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கக் கணினிக்கு அதிக நேரம் ஆகாது. அதனால் குலுக்கல் எண்ணே நல்லது.

அடுத்து, எதை எங்கே வைப்பது. பதில் கோப்பு அலுவலகக் கணினியில், ஆய்வு செய்பவருக்கு மட்டும் திறக்கும் கோப்புறையில் இருக்கலாம். தொடர்புக் கோப்பு என்கிரிப்ட் செய்த பெட்டிக்குள் இருக்க வேண்டும். வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். அது ஒரே கோப்பாகத் தெரியும் பெட்டி ஒன்றை உண்டாக்கும், கடவுச்சொல் கொடுத்தால் தனி டிரைவ் போலத் திறக்கும், மூடியதும் உள்ளே இருப்பது வெறும் குப்பை எழுத்தாகிவிடும். கள ஒருங்கிணைப்பாளர் ஒருவர், பொறுப்பாளர் ஒருவர், இந்த இரண்டு பேருக்கு மேல் கடவுச்சொல் தெரிய வேண்டியதில்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் இன்னொரு சிக்கல்: அவர் மறந்தால் பெட்டியைத் திறக்க வழியே கிடையாது. எழுதி மூடிய உறையில் போட்டு அலுவலக பீரோவில் வைப்பது பழைய முறைதான், வேலை செய்யும். அதே மடிக்கணினியில் ‘password.txt’ என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு.

எக்செல் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. `Protect Sheet` என்பது தெரியாமல் கைபட்டு அழிந்துவிடாமல் தடுப்பதற்கு. அதை எளிதில் உடைத்துவிடலாம், மறைத்து வைத்த பத்தியும் அப்படித்தான். `Encrypt with Password` என்று கொடுப்பதுதான் உண்மையான மறையாக்கம். இரண்டும் கடவுச்சொல் கேட்பதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

சரி, எவ்வளவு நாள் வைத்திருப்பது? ‘ஆய்வு முடிந்ததும் அழிப்போம்’ என்று ஒப்புதல் படிவத்தில் எழுதுவது வழக்கம். ஆனால் ஆய்வு எப்போது முடியும்? அறிக்கை வரும், அப்புறம் கட்டுரை, அப்புறம் நிதி கொடுத்தவர் இன்னொரு அட்டவணை கேட்பார். ‘முடிந்ததும்’ என்பது தேதி இல்லை. அதனால் ஒவ்வொரு தகவலையும் எடுத்து, ‘இதனால் ஆக வேண்டிய கடைசி வேலை எது’ என்று கேட்க வேண்டும். அந்த வேலை முடியும் நாளே அதன் ஆயுள். கூடவே, வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் தாண்டக் கூடாத கடைசித் தேதி ஒன்றையும் குறித்துவிட வேண்டும்.

நம் உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம். களப்பணி பிப்ரவரி 28இல் முடிகிறது. கணக்கெடுப்பாளர்கள் உண்மையில் வீட்டுக்குப் போனார்களா என்று பார்க்கப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 குடும்பங்களுக்கு, மறுபடி தொலைபேசியில் பேசுகிறோம். அது மார்ச் கடைசிக்குள் முடியும். மூட்டைக் கணக்கில் ஒரு சைபர் கூடிவிட்டது, ஒரு ஏக்கரான 3 மா, 3 ஏக்கர் என்று ஏறிவிட்டது போன்ற சந்தேகங்களைக் கேட்டுத் தெளிய இன்னொரு மாதம். அதோடு கைபேசி எண்ணுக்கும் பெயருக்கும் வேலை முடிந்தது. ஏப்ரல் 30 அவற்றின் தேதி. அறிக்கை செப்டம்பரில்தான் வரும், ஆனாலும் அதுவரை பெயரை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. அடுத்த ஆண்டு அதே குடும்பங்களிடம் மறுபடி போவதாகத் திட்டம் இருந்தால் கதை வேறு. அப்போது அதைச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், தேதியும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

ஜிபிஎஸ் புள்ளியைப் பார்ப்போம், இது எனக்குப் பிடித்த உதாரணம். அதை எதற்கு எடுத்தோம்? கடைமடைக்குப் போகப் போகத் தண்ணீர் எப்படிக் குறைகிறது, விளைச்சலில் அது எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க. அதற்கு வீடு எங்கே இருக்கிறது என்பது தேவையில்லை, கிளை வாய்க்காலின் தலைமதகிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் தேவை. தூரத்தைக் கணக்கிட்டு, 0–2, 2–5, 5–10, 10க்கு மேல் என்று வகைப்படுத்திப் பதில் கோப்பில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால், புள்ளியை அன்றே அழித்துவிடலாம். வயதும் அப்படித்தான். பிறந்த தேதியை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அழிப்பதைவிட, வயதை மட்டும் கேட்டுவிட்டுப் போவது மேல். ஆதார் எண்ணும் அடங்கல் நகலின் படமும் இந்தக் கணக்கெடுப்பில் எந்தக் கேள்விக்கும் விடை சொல்வதில்லை, அவற்றை வாங்கவே கூடாது.

ஒப்புதல் படிவம் மட்டும் விதிவிலக்கு. ‘உண்மையிலேயே கேட்டுத்தான் எடுத்தீர்களா’ என்று நிதி கொடுத்தவரோ ஆய்வு நெறிக்குழுவோ பின்னால் கேட்கலாம், அதனால் சில ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்வார்கள். அதில் பெயரும் கையெழுத்தும் அல்லது கைரேகையும் இருக்கும். அதில் குறியீட்டு எண்ணை எழுதாமல் விட்டால் போதும். இந்த 300 பேர் கலந்துகொண்டார்கள் என்பது தெரியும், யார் என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. வேலை சுலபமாகட்டும் என்று படிவத்தின் மூலையில் எண்ணை எழுதிவிடும் கணக்கெடுப்பாளர்தான் இங்கே நம் கவலை. பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, நோக்கம் நிறைவேறியதும் தகவலை அழிக்கச் சொல்கிறது. 17ஆவது பிரிவு ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவர வேலைக்கும் விலக்குத் தருகிறது. ஆனால் அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவு எதுவும் எடுக்கக் கூடாது, அரசு வகுத்த தரங்களையும் பின்பற்ற வேண்டும். கணக்கெடுப்பில் கிடைத்த பட்டியலையே வைத்து யாருக்கு நிவாரணப் பை கொடுக்கலாம் என்று தொண்டு நிறுவனம் தேர்வு செய்தால், அது அந்த விலக்குக்குள் வராது. நல்லெண்ணத்தில் அடிக்கடி நடப்பது இதுதான்.

இப்போது ஏப்ரல் 30 வந்துவிட்டது. தொடர்புக் கோப்பை அழிக்க வேண்டும். அது எங்கெல்லாம் இருக்கிறது?

வெராகிரிப்ட் பெட்டிக்குள் ஒன்று இருப்பது தெரியும். ஆனால் தகவல் அங்கே பிறக்கவில்லை. கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் எடுத்திருந்தால் மூலப்பதிவு முழுக்க சர்வரில் இருக்கிறது, பெயரும் பதிலும் ஒரே வரியில். டேப்லெட்டுகளில், அனுப்பிய படிவங்களின் நகல் அப்படியே தங்கியிருக்கும். செயலி அமைப்பில் `Delete after send` என்பதைக் களப்பணிக்கு முன்பே போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வீடுகளைப் பட்டியலிட்ட காகிதம் கணக்கெடுப்பாளரின் பையில் இருக்கும். நெட்வொர்க் கிடைக்காத நாளில் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படிவப் படங்கள், குழுவில் இருக்கும் அத்தனை பேரின் கேலரியிலும் இருக்கும். மறுசரிபார்ப்புக்காக 30 எண்களை மின்னஞ்சலில் அனுப்பியிருப்போம். கூகுள் டிரைவில் யாரோ ‘தற்காலிகமாக’ ஏற்றியிருப்பார். அங்கே அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும்.

இந்தப் பட்டியலை ஏப்ரலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுத முடியாது. முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில், பெயருள்ள கோப்பு ஒவ்வொன்றும் எங்கே போனது, யாரிடம், எந்தத் தேதியில் என்று எழுதிவர வேண்டும். அந்த நோட்டு நீளமாகிக்கொண்டே போனால், நகல்கள் கட்டுமீறிவிட்டன என்று அப்போதே தெரியும். நான் பார்த்தவரை, அழிப்பது என்பது பொத்தானை அழுத்தும் திறமையைவிட இந்த நோட்டை ஒழுங்காக வைத்திருக்கும் பொறுமையில்தான் இருக்கிறது.

எக்செலில் ஒரு பொறி உண்டு. மூலத் தாளிலிருந்து பிவட் அட்டவணை போட்டுவிட்டு, பிறகு மூலத் தாளை நீக்கிவிட்டால் பெயர்கள் போய்விட்டதாகத் தோன்றும். பிவட் தனக்குள் மூலத்தகவலின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளும். மொத்தத் தொகை இருக்கும் கட்டத்தில் இருமுறை கிளிக் செய்து பாருங்கள், நீக்கிய வரிகள் பெயரோடு புதிய தாளில் விரியும். அறிக்கையோடு இந்தக் கோப்பை வெளியே அனுப்பினால் எல்லாம் போச்சு. பிவட்டை எப்போதும் பெயர் நீக்கிய கோப்பிலிருந்துதான் போட வேண்டும்.

கோபோவிலிருந்து இறக்கிய கோப்பில் `_uuid` என்று ஒரு பத்தி வரும். ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் கொடுத்த தனி அடையாளம் அது. பார்க்க அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம் என்பதால் அப்படியே விட்டுவிடுவார்கள். சர்வரில் மூலப்பதிவு இருக்கும்வரை, அந்தப் பத்தியை வைத்து எந்த வரியையும் பெயரோடு சேர்த்துவிடலாம். பதில் கோப்பை உருவாக்கும்போதே `_id`, `deviceid` ஆகியவற்றோடு இதையும் எடுத்துவிட வேண்டும்.

கோப்பை நீக்கினால் உண்மையில் அழிகிறதா? மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்தபிறகும் வட்டில் எழுதியது உடனே மறைவதில்லை, மீட்பு மென்பொருள்கள் எடுத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மேலே வேறு எதையாவது எழுதி மூடலாம். இப்போதைய எஸ்எஸ்டியிலும் பென்டிரைவிலும் அது நம்பகமில்லை. தேய்மானத்தைப் பரப்புவதற்காக, ஓரிடத்தில் எழுதச் சொன்னால் அவை வேறிடத்தில் எழுதும், பழையது அப்படியே கிடக்கும். முதல் நாளிலிருந்தே என்கிரிப்ட் செய்த பெட்டிக்குள் மட்டும் வைத்திருந்தால் இந்தக் கவலை பாதி தீர்ந்தது. பெட்டியை நீக்கி, பேக்கப்பில் இருக்கும் நகலையும் நீக்கி, கடவுச்சொல் எழுதிய உறையைக் கிழித்துவிட்டால், வட்டில் மிச்சம் கிடப்பது யாராலும் படிக்க முடியாத எழுத்துகள்தான்.

அழிக்கும் முன் ஒரு சோதனை: பெயர் இல்லாத கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா அட்டவணைகளும் போட முடிகிறதா? ஏதாவது ஒன்றுக்குப் பழைய கோப்பைத் திறக்க வேண்டியிருந்தால், நாம் இன்னும் தயாராகவில்லை. அழித்த பிறகு ஒரு சோதனை: மூன்று பேருடைய கைபேசி எண்களை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் முன்பே எழுதி வைத்துக்கொண்டு, கணினி, மின்னஞ்சல், டிரைவ், கோபோ என்று எல்லா இடத்திலும் தேடிப் பார்ப்பது. ஓரிடத்தில் அகப்பட்டாலும் நோட்டில் ஏறாத நகல் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். தேடி முடித்ததும் துண்டுக் காகிதத்தைக் கிழித்துவிடலாம். படமாகவோ காகிதமாகவோ இருப்பது இந்தத் தேடலில் சிக்காது, அதற்கு நோட்டுத்தான் துணை.

பெயர் போய்விட்டது. ஆளும் மறைந்துவிட்டாரா? பதில் கோப்பில் ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: குறியீடு 4821, கிராமம் இன்னது, பெண், கோயில் நிலம், 21 மா, குறுவை–தாளடி. கிராமத்துக்கு 25 குடும்பங்கள்தான் எடுத்திருக்கிறோம். அந்த ஊரில் 7 ஏக்கர் கோயில் நிலத்தைப் பயிர் செய்யும் பெண் ஒருவர்தான் இருப்பார், டீக்கடையில் கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவருடைய கடன் தொகையும் அதே வரியில் இருக்கிறது.

இதை எக்செலிலேயே கண்டுபிடிக்கலாம். கிராமம் B பத்தியிலும், பாலினம் C-யிலும், நில வகை D-யிலும், பரப்பு E-யிலும் இருந்தால், ஒரு காலிப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS(B:B,B2,C:C,C2,D:D,D2,E:E,E2)
```

ஒவ்வொரு வரிக்கும், அதே சேர்க்கை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று வரும். 1 என்றால் அந்த ஆள் தனியாக நிற்கிறார். 5க்குக் குறைவாக வருவதை எல்லாம் கரடுமுரடாக்க வேண்டும் என்பது பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். கிராமத்தை எடுத்துவிட்டு வட்டம் என்று போடலாம். 21 மா என்பதை ‘15 மாவுக்கு மேல்’ என்று ஆக்கலாம். நான் முதலில் கை வைப்பது கிராமத்தில்தான், ஏனென்றால் தண்ணீர் தூரம் ஏற்கெனவே தனிப் பத்தியாக இருக்கிறது, கிராமத்தின் பெயர் சொல்லப்போவது வேறெதுவும் இல்லை. மாற்றியபிறகு சூத்திரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். எவ்வளவு மாற்றியும் ஓரிரு வரிகள் 1 என்றே நின்றால், வெளியே கொடுக்கும் கோப்பிலிருந்து அவற்றை எடுத்துவிடலாம்.

‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ என்ற கேள்விக்கு வந்த பதில்களை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. அங்கேதான் பண்ணையின் பெயர், கணக்குப்பிள்ளையின் பெயர், வட்டிக்குக் கொடுத்தவரின் பெயர் எல்லாம் இருக்கும். 300 பதில்களையும் ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

தொடர்புக் கோப்பை அழித்தபிறகு ஒருவர் வந்து ‘என் பதிலை எடுத்துவிடுங்கள்’ என்றால் நம்மால் முடியாது. எது அவருடையது என்று நமக்கே தெரியாது. ஆகவே ஒப்புதல் வாங்கும்போதே, ‘ஏப்ரல் 30 வரை எப்போது வேண்டுமானாலும் இந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டு விலகிக்கொள்ளலாம், அதற்கப்புறம் உங்கள் பெயரே எங்களிடம் இருக்காது’ என்று வாயால் சொல்லி, தேதியையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ‘குத்தகைக் கணக்கெடுப்பு’ என்று அந்தச் சீட்டில் அச்சிட வேண்டாம்.

அழித்ததற்கு ஒரு பதிவு வேண்டும்: எந்தக் கோப்பு, எந்தெந்த இடத்தில், எந்தத் தேதியில், யார் அழித்தார், யார் பக்கத்தில் இருந்து பார்த்தார். அரைப் பக்கம் போதும், இரண்டு கையெழுத்து. அழித்த பெயர்ப் பட்டியலை அதோடு ‘ஆதாரத்துக்காக’ இணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.